திசைவேக-நேர வரைபட விடைகளைச் சரிபார்த்தல்

திசைவேக-நேர வரைபடம் என்பது நேர்கோட்டில் இயங்கும் ஒரு பொருளின் திசைவேகம் நேரத்தைப் பொறுத்து எவ்வாறு மாறுகிறது என்பதைக் காட்டும் வரைபடம் ஆகும். இதில் நேரம் கிடை அச்சிலும் திசைவேகம் நிலை அச்சிலும் குறிக்கப்படும். வரைபடக் கோட்டின் சாய்வு பொருளின் முடுக்கத்தைத் தரும். கோட்டுக்கும் நேர அச்சுக்கும் இடைப்பட்ட பரப்பளவு பொருளின் இடப்பெயர்ச்சியைத் தரும். இவ்விரண்டையும் வரைபடத்திலிருந்து படித்தெடுத்த பின்னர், கிடைத்த எண்கள் சரியானவையா என்று வேறு வழியில் ஆராய்வதே இக்கட்டுரையின் பொருள் ஆகும். ஒரே கணக்கை மீண்டும் ஒருமுறை செய்து பார்ப்பது சரிபார்த்தல் ஆகாது. முதன்முறை செய்த பிழையே மறுமுறையும் நிகழக்கூடும் என்பதால், முதற் கணக்கைச் சாராத மற்றொரு வழி தேவைப்படுகிறது.

## சொல் வழக்கு

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் திசையுடன் கூடிய அளவு திசைவேகம் என்றும், திசையற்ற அளவு வேகம் என்றும் வழங்கப்படுகின்றன. இலங்கைப் பாடநூல்களில் முன்னது வேகம் என்றும் பின்னது கதி என்றும் வழங்கப்படுகின்றன. முடுக்கம் அங்கு ஆர்முடுகல் எனவும், சாய்வு படித்திறன் எனவும் குறிப்பிடப்படும். வேகம் என்ற ஒரே சொல் இரு நாடுகளிலும் இருவேறு அளவுகளைக் குறிப்பதால், ஒரு நாட்டின் வினாவை மற்றொரு நாட்டின் நூலைக் கொண்டு தீர்ப்பவர் முதலில் இதனைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இக்கட்டுரையில் தமிழ்நாட்டு வழக்கு பின்பற்றப்படுகிறது.

## வரலாறு

மாறும் வேகத்தை ஓர் உருவமாக வரைந்து அதன் பரப்பளவைக் கடந்த தொலைவாகக் கொள்ளும் முறை 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆக்சுபோர்டின் மெர்ட்டன் கல்லூரி அறிஞர்கள், சீராக அதிகரிக்கும் வேகத்துடன் செல்லும் பொருள் கடக்கும் தொலைவு, அதன் நடு நேர வேகத்துடன் சீராகச் செல்லும் பொருள் கடக்கும் தொலைவுக்குச் சமம் என்று கூறினர். பிரான்சைச் சேர்ந்த நிக்கோல் ஒரேம் இதனை வடிவியல் முறையில் விளக்கினார். சீராக மாறும் வேகத்தைக் குறிக்கும் முக்கோணத்தின் பரப்பளவு, அதன் பாதி உயரமுள்ள செவ்வகத்தின் பரப்பளவுக்குச் சமம் என்பதே அவருடைய விளக்கத்தின் சாரம் ஆகும். கலிலியோ 1638இல் வெளியான தம்முடைய இரு புதிய அறிவியல்கள் பற்றிய நூலில் இதனை ஒத்த உருவத்தைக் கொண்டு சீரான முடுக்க இயக்கத்தை ஆராய்ந்தார். இன்றும் இந்த நடு வேக விதி, பரப்பளவு விடைகளைச் சரிபார்ப்பதற்குரிய எளிய கருவியாக விளங்குகிறது.

## சாய்வும் பரப்பளவும் ஏன் இப்பொருளைத் தருகின்றன

முடுக்கம் என்பது திசைவேக மாற்றத்தை அம்மாற்றம் நிகழ எடுத்த நேரத்தால் வகுக்கக் கிடைப்பது. வரைபடத்தில் திசைவேக மாற்றம் என்பது கோட்டின் ஏற்றம் அல்லது இறக்கம். எடுத்த நேரம் என்பது கிடை அச்சின் வழியே சென்ற நீளம். எனவே ஏற்றத்தைக் கிடை நீளத்தால் வகுத்தால் முடுக்கம் கிடைக்கிறது.

இடப்பெயர்ச்சியைப் புரிந்துகொள்ள, நேரத்தை மிகச் சிறிய துண்டுகளாகப் பிரித்ததாகக் கொள்வோம். ஒரு சிறு துண்டில் திசைவேகம் ஏறத்தாழ மாறாது. அத்துண்டில் நிகழும் இடப்பெயர்ச்சி, திசைவேகத்தையும் துண்டின் கால அளவையும் பெருக்கக் கிடைப்பதாகும். இது ஓர் ஒடுங்கிய செவ்வகத்தின் பரப்பளவு. எல்லாச் செவ்வகங்களையும் கூட்டினால் கோட்டுக்கும் அச்சுக்கும் இடைப்பட்ட முழுப் பரப்பளவு கிடைக்கும். கோடு நேர அச்சுக்குக் கீழே செல்லும்போது திசைவேகம் எதிர்க்குறி பெறுவதால், அப்பகுதியின் பரப்பளவும் எதிர்க்குறியுடனேயே சேர்க்கப்படும்.

அலகுகளும் இதனையே காட்டுகின்றன. சாய்வில் மீ/வி என்ற அலகு விநாடியால் வகுபட்டு மீ/வி² ஆகிறது. பரப்பளவில் மீ/வி என்ற அலகு விநாடியால் பெருக்கப்பட்டு மீட்டர் ஆகிறது. ஆகவே விடையின் அலகை எழுதிப் பார்த்தாலே, சாய்வு கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் பரப்பளவு கண்டுபிடிக்கப்பட்டுள்ளதா என்பது தெரிந்துவிடும்.

## ஓர் எடுத்துக்காட்டு

நேரான தண்டவாளத்தில் ஒரு தள்ளுவண்டி 20 விநாடிகள் இயங்குகிறது எனக் கொள்க. வலப்புறத் திசை நேர்க்குறியாகக் கொள்ளப்படுகிறது. அதன் திசைவேக-நேர வரைபடம் பின்வரும் புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்து வரையப்பட்டுள்ளது.

| நேரம் (வி) | திசைவேகம் (மீ/வி) |
|---|---|
| 0 | 2 |
| 4 | 10 |
| 9 | 10 |
| 17 | −6 |
| 20 | 0 |

இவ்வரைபடத்தில் நான்கு கட்டங்கள் உள்ளன. முதற் கட்டத்தில் கோடு ஏறுகிறது. இரண்டாம் கட்டத்தில் கிடையாகச் செல்கிறது. மூன்றாம் கட்டத்தில் இறங்கி, நேர அச்சை வெட்டிக்கொண்டு கீழே செல்கிறது. நான்காம் கட்டத்தில் அச்சுக்குக் கீழிருந்து ஏறி மீண்டும் அச்சைத் தொடுகிறது. நான்கு கட்டங்களின் முடுக்கமும், 20 விநாடிகளில் நிகழ்ந்த மொத்த இடப்பெயர்ச்சியும் காணவேண்டியவை.

### சாய்வுகள்

முதற் கட்டத்தில் திசைவேகம் 2இலிருந்து 10க்கு உயர்கிறது. மாற்றம் 8 மீ/வி, நேரம் 4 வி. எனவே முடுக்கம் 2 மீ/வி². இரண்டாம் கட்டத்தில் மாற்றம் இல்லை, முடுக்கம் சுழி. மூன்றாம் கட்டத்தில் திசைவேகம் 10இலிருந்து −6க்கு மாறுகிறது. மாற்றம் −16 மீ/வி, நேரம் 8 வி, முடுக்கம் −2 மீ/வி². நான்காம் கட்டத்தில் −6இலிருந்து 0க்கு மாறுகிறது. மாற்றம் +6 மீ/வி, நேரம் 3 வி, முடுக்கம் +2 மீ/வி².

### பரப்பளவுகள்

முதற் கட்டத்தின் உருவம் சரிவகம். அதன் இணைபக்கங்கள் 2உம் 10உம், அவற்றிடையே உள்ள தொலைவு 4. பரப்பளவு (2 + 10) ÷ 2 × 4 = 24 மீ. இரண்டாம் கட்டம் செவ்வகம், பரப்பளவு 10 × 5 = 50 மீ.

மூன்றாம் கட்டத்தில் கோடு அச்சை எங்கே வெட்டுகிறது என்பதை முதலில் காணவேண்டும். திசைவேகம் விநாடிக்கு 2 மீ/வி வீதம் குறைவதால், 10 மீ/வி முழுவதும் குறைய 5 விநாடிகள் ஆகும். எனவே கோடு 14ஆம் விநாடியில் அச்சை வெட்டுகிறது. அதற்கு முன்னுள்ள முக்கோணத்தின் பரப்பளவு ½ × 5 × 10 = 25 மீ. அதற்குப் பின்னுள்ள முக்கோணம் அச்சுக்குக் கீழே இருப்பதால் அதன் பங்கு −½ × 3 × 6 = −9 மீ. நான்காம் கட்டத்தின் முக்கோணமும் அச்சுக்குக் கீழே உள்ளது, அதன் பங்கும் −9 மீ.

மொத்த இடப்பெயர்ச்சி 24 + 50 + 25 − 9 − 9 = 81 மீ. கடந்த மொத்தத் தொலைவு வேண்டுமெனில் குறிகளை விடுத்துக் கூட்டவேண்டும்; அது 24 + 50 + 25 + 9 + 9 = 117 மீ ஆகும்.

## சாய்வு விடையைச் சரிபார்த்தல்

### திசைவேகத்தை மீண்டும் கட்டியெழுப்புதல்

கண்டுபிடித்த முடுக்கங்களைக் கொண்டு முடுக்க-நேர வரைபடம் ஒன்றை வரையலாம். அதன் பரப்பளவு திசைவேக மாற்றத்தைத் தரும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் அப்பரப்பளவு

2 × 4 + 0 × 5 + (−2) × 8 + 2 × 3 = −2 மீ/வி

ஆகும். மூல வரைபடத்தில் திசைவேகம் 2இல் தொடங்கி 0இல் முடிகிறது. அதன் மாற்றமும் −2 மீ/வி ஆகும். இரண்டும் ஒத்துப்போகின்றன.

முதற் கட்டத்தின் முடுக்கத்தை ஒருவர் 10 ÷ 4 = 2.5 மீ/வி² என்று கணித்திருந்தால், இக்கூட்டுத்தொகை 10 + 0 − 16 + 6 = 0 என வரும். அவ்வாறெனில் வண்டி தொடங்கிய அதே 2 மீ/வி திசைவேகத்துடன் முடிக்க வேண்டும். வரைபடமோ சுழியில் முடிகிறது. ஆகவே ஏதோ ஒரு சாய்வு தவறு என்பது தெரிகிறது. இவ்வாறு ஒரு புள்ளியின் உயரத்தை அதன் நேரத்தால் வகுத்துவிடுவது, கோடு தொடக்கப் புள்ளி வழியே செல்லும்போது மட்டுமே சரியான விடையைத் தரும். பள்ளிப் பயிற்சிகளில் பெரும்பான்மையான கோடுகள் தொடக்கப் புள்ளியிலிருந்தே வரையப்படுவதால், இப்பிழை நெடுநாள் வெளிப்படாமல் இருந்துவிடுகிறது.

இச்சோதனைக்கும் ஒரு வரம்பு உண்டு. இரு சாய்வுகளில் நிகழ்ந்த பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்தால் மொத்தம் சரியாகவே வரும். அதனால் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் கூட்டுத்தொகையை வரைபட உயரத்துடன் ஒப்பிடுவது நல்லது. 4ஆம் விநாடியில் 2 + 8 = 10, 9ஆம் விநாடியில் 10, 17ஆம் விநாடியில் 10 − 16 = −6, 20ஆம் விநாடியில் −6 + 6 = 0 என ஒவ்வொன்றும் வரைபடத்துடன் பொருந்துகின்றன.

### உயரமும் சாய்வும்

14ஆம் விநாடியில் வண்டியின் முடுக்கம் என்ன என்று வினவினால், அங்கு கோடு அச்சைத் தொடுவதைக் கண்டு சுழி என்று விடையளிப்போர் பலர். அங்கே சுழியாக இருப்பது உயரம், அதாவது திசைவேகம். கோடு அப்புள்ளியிலும் இறங்கிக்கொண்டே இருப்பதால் சாய்வு −2 மீ/வி² ஆகவே உள்ளது. இதனைச் சரிபார்க்க, அந்நேரத்திற்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் உள்ள திசைவேகங்களைப் பார்க்கவேண்டும். 13ஆம் விநாடியில் திசைவேகம் 2 மீ/வி, 15ஆம் விநாடியில் −2 மீ/வி. முடுக்கம் உண்மையிலேயே சுழியாக இருந்தால், 14ஆம் விநாடியின் அண்மையில் திசைவேகம் மாறாமல் இருந்திருக்க வேண்டும்.

### குறியின் பொருள்

முடுக்கம் எதிர்க்குறி பெற்றால் பொருளின் வேகம் குறைகிறது என்று கொள்வது மற்றொரு பொதுவான பிழை. மூன்றாம் கட்டம் முழுவதும் முடுக்கம் −2 மீ/வி² ஆகும். ஆயினும் 9 முதல் 14 விநாடி வரை வண்டியின் வேகம் 10இலிருந்து 0க்குக் குறைகிறது. 14 முதல் 17 விநாடி வரை அது 0இலிருந்து 6க்கு அதிகரிக்கிறது. நான்காம் கட்டத்தில் முடுக்கம் நேர்க்குறி பெற்றிருந்தும் வேகம் குறைகிறது. திசைவேகமும் முடுக்கமும் ஒரே குறி பெற்றால் வேகம் கூடும், வெவ்வேறு குறி பெற்றால் குறையும். வரைபடத்தில் இதனை எளிதில் காணலாம்: கோடு நேர அச்சை விட்டு விலகிச் சென்றால் வேகம் கூடுகிறது, அச்சை நெருங்கினால் குறைகிறது.

## பரப்பளவு விடையைச் சரிபார்த்தல்

### மேல் எல்லையும் கீழ் எல்லையும்

ஒரு கட்டத்தில் நிகழும் இடப்பெயர்ச்சி, அக்கட்டத்தின் மிகக் குறைந்த திசைவேகத்துடன் சீராகச் சென்றிருந்தால் கிடைப்பதைவிடக் குறையாது. மிகக் கூடிய திசைவேகத்துடன் சென்றிருந்தால் கிடைப்பதைவிட மிகாது. முதற் கட்டத்தில் இவ்வெல்லைகள் 2 × 4 = 8 மீட்டரும் 10 × 4 = 40 மீட்டரும் ஆகும். விடை இவற்றிடையே இருக்கவேண்டும். கோடு நேர்கோடாக இருப்பதால், அது சரியாக இவ்விரண்டின் நடுவே, அதாவது 24 மீட்டரில் இருக்கவேண்டும். முற்கூறிய நடு வேக விதியும் இதுவே: நடு நேரமாகிய 2ஆம் விநாடியில் திசைவேகம் 6 மீ/வி, அதனை 4ஆல் பெருக்கினால் 24 மீ.

ஒருவருடைய விடை எல்லை மதிப்பாகவே அமைந்தால் அதுவும் ஐயத்திற்குரியது. 40 மீ என்ற விடை, வண்டி முழு 4 விநாடியும் 10 மீ/வி திசைவேகத்துடன் சென்றால் மட்டுமே பொருந்தும்.

### இயக்கச் சமன்பாடுகளுடன் ஒப்பிடுதல்

முடுக்கம் மாறாதிருக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் பின்வரும் சமன்பாடுகள் பொருந்தும்.

```
s = ut + ½at²
v² = u² + 2as
```

முதற் கட்டத்தில் s = 2 × 4 + ½ × 2 × 16 = 24 மீ. மூன்றாம் கட்டத்தில் s = 10 × 8 − ½ × 2 × 64 = 16 மீ. இது பரப்பளவு முறையில் கிடைத்த 25 − 9 என்பதற்குச் சமம். நான்காம் கட்டத்தில் s = −6 × 3 + ½ × 2 × 9 = −9 மீ.

இரண்டாவது சமன்பாட்டில் நேரம் இடம்பெறுவதில்லை. சாய்வு, பரப்பளவு ஆகிய இரண்டையும் ஒன்றாகச் சோதிப்பதே இதன் சிறப்பு. முதற் கட்டத்தில் வலப்புறம் 4 + 2 × 2 × 24 = 100; இது 10இன் வர்க்கத்துக்குச் சமம். முடுக்கத்தை 2.5 எனக் கொண்டிருந்தால் வலப்புறம் 124 ஆகியிருக்கும்.

மூன்றாம் கட்டத்தில் அச்சுக்குக் கீழுள்ள பகுதியையும் நேர்க்குறியாகக் கொண்டு ஒருவர் இடப்பெயர்ச்சியை 25 + 9 = 34 மீ என்று எழுதியிருந்தால், சமன்பாடு v² = 100 − 4 × 34 = −36 என்று தரும். எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் எதிர்க்குறி பெறாது. ஆகவே பிழை உடனே வெளிப்படுகிறது. சரியான 16 மீட்டரைப் பயன்படுத்தினால் v² = 100 − 64 = 36 எனக் கிடைக்கும். இதிலிருந்து v என்பது +6 அல்லது −6 ஆகலாம். எது சரி என்பதை இச்சமன்பாடு கூறாது. வரைபடத்தைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

இச்சமன்பாடுகளைக் கட்டம் கட்டமாகவே பயன்படுத்தவேண்டும். முழு 20 விநாடிகளுக்கும் தொடக்கத் திசைவேகம் 2, இறுதித் திசைவேகம் 0 என எடுத்துச் சராசரி 1 மீ/வி என்று கொண்டால், இடப்பெயர்ச்சி 20 மீ என வரும். முடுக்கம் இடையில் மூன்று முறை மாறுவதால் இம்முறை இங்கு செல்லாது. உண்மையான சராசரித் திசைவேகம் 81 ÷ 20 = 4.05 மீ/வி ஆகும்.

### இடப்பெயர்ச்சியும் தொலைவும்

இடப்பெயர்ச்சியின் அளவு ஒருபோதும் கடந்த தொலைவைவிட மிகாது. கோடு அச்சைக் கடக்காத வரை இரண்டும் அளவில் சமம். கடந்தபின் இரண்டும் சமமாக வந்தால், குறி விடுபட்டுள்ளது என்று பொருள். மேலும், இவ்விரண்டின் வேறுபாடு, எதிர்ப்பக்கப் பரப்பளவின் இருமடங்காக இருக்கவேண்டும். எடுத்துக்காட்டில் வேறுபாடு 117 − 81 = 36; அச்சுக்குக் கீழுள்ள பரப்பளவு 18. இதன் இருமடங்கு 36.

பரப்பளவு தருவது இடமாற்றம் மட்டுமே. பொருள் எங்கு உள்ளது என்பதை அது தராது. வண்டி குறிப்புக் கம்பத்துக்கு வலப்புறம் 5 மீ தொலைவில் இயங்கத் தொடங்கியிருந்தால், இறுதியில் அது கம்பத்திலிருந்து 86 மீ தொலைவில் இருக்கும். வண்டி கம்பத்தை விட்டு மிகத் தொலைவில் இருப்பது, கோடு உச்சியில் இருக்கும் 4 முதல் 9 விநாடி வரையிலான நேரத்தில் அன்று. கோடு அச்சை வெட்டும் 14ஆம் விநாடியில் ஆகும். அப்போது தொடக்க இடத்திலிருந்து அதன் இடப்பெயர்ச்சி 99 மீ.

## தவறான விடையிலிருந்து பிழையை அறிதல்

தவறான விடை பெரும்பாலும் தற்செயலாக வருவதில்லை. எந்தப் பிழை நிகழ்ந்தது என்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுக்கும். மேற்கண்ட கணக்கில் 81 மீட்டருக்குப் பதிலாகக் கிடைக்கக்கூடிய சில விடைகளும் அவற்றின் காரணங்களும் பின்வருமாறு.

| கிடைத்த விடை (மீ) | காரணம் |
|---|---|
| 117 | அச்சுக்குக் கீழுள்ள பரப்பளவுகளும் கூட்டப்பட்டன |
| 99 | 14ஆம் விநாடிக்குப் பிந்தைய பகுதி விடப்பட்டது |
| 97 | முதற் கட்டம் 10 × 4 என்ற செவ்வகமாகக் கொள்ளப்பட்டது |
| 77 | முதற் கட்டம் ½ × 4 × 10 என்ற முக்கோணமாகக் கொள்ளப்பட்டது |
| 73 | முதற் கட்டத்தில் 2 × 4 என்ற கீழ்ச் செவ்வகம் விடுபட்டது |
| 20 | முதல், இறுதித் திசைவேகங்களின் சராசரி முழு நேரத்துக்கும் எடுக்கப்பட்டது |

கற்போர் இவ்வரைபடங்களை எவ்வாறு தவறாகப் படிக்கின்றனர் என்பது இயற்பியல் கல்வி ஆய்வில் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. லில்லியன் மக்டெர்மட், மார்க் ரோசன்குவிஸ்ட், எமிலி வான் சீ ஆகியோர் 1987இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, வரைபடத்தையும் இயக்கத்தையும் தொடர்புபடுத்துவதில் மாணவருக்கு உள்ள இடர்களை விவரித்தது. ராபர்ட் பைக்னர் 1994இல் இவ்வரைபடங்களைப் புரிந்துகொள்ளும் திறனை அளக்கும் தேர்வு ஒன்றை வெளியிட்டார். உயரத்தைச் சாய்வாகக் கொள்ளுதல், தொடக்கப் புள்ளி வழியே செல்லாத கோட்டின் சாய்வைத் தவறாகக் கணித்தல், பரப்பளவின் பொருளை உணராதிருத்தல், வரைபடத்தைப் பொருள் சென்ற பாதையின் படமாகக் கருதுதல் ஆகியன அவர் வகைப்படுத்திய இடர்களுள் அடங்கும். இறுதியாகக் கூறப்பட்ட பிழையைச் செய்பவருக்கு, மேற்கண்ட வரைபடம் ஒரு மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கும் வண்டியாகத் தோன்றும். வண்டியோ சமதளத்தில் நேர்கோட்டில் மட்டுமே இயங்குகிறது.

## அளவுத்திட்டமும் அலகும்

சாய்வைக் கோணமானியால் அளந்து அதன் tan மதிப்பை எடுப்பது சரியான முறை அன்று. தாளில் கோடு சாய்ந்திருக்கும் கோணம் அச்சுகளின் அளவுத்திட்டத்தைப் பொறுத்தது. நேர அச்சில் ஒரு சென்டிமீட்டர் 1 விநாடியைக் குறிப்பதற்குப் பதிலாக 2 விநாடிகளைக் குறிக்குமாறு வரைந்தால், அதே இயக்கத்தின் கோடு முன்னைவிடச் செங்குத்தாகத் தோன்றும். முடுக்கம் மாறியிருக்காது. எனவே ஏற்றத்தையும் கிடை நீளத்தையும் அச்சுகளில் எழுதப்பட்ட எண்களைக் கொண்டே படிக்கவேண்டும். கட்டங்களை எண்ணிப் பரப்பளவு காண்பவர், ஒரு கட்டம் எத்தனை மீட்டரைக் குறிக்கிறது என்பதை முதலில் கணிக்கவேண்டும். ஒரு கட்டத்தின் அகலம் 2 விநாடியும் உயரம் 2 மீ/வி உம் எனில், ஒரு கட்டம் 4 மீட்டரைக் குறிக்கும்.

திசைவேகம் மணிக்கு கிலோமீட்டரிலும் நேரம் விநாடியிலும் தரப்பட்டால் மேலும் கவனம் தேவை. 72 கி.மீ/மணி என்ற சீரான திசைவேகத்துடன் ஒரு மகிழுந்து 10 விநாடிகள் சென்றால், எண்களை அப்படியே பெருக்க 720 வரும். அது மீட்டரும் அன்று, கிலோமீட்டரும் அன்று. 72ஐ 3.6ஆல் வகுத்து 20 மீ/வி என மாற்றியபின் பெருக்கினால் 200 மீ என்ற சரியான விடை கிடைக்கும். விநாடிக்கு 20 மீ என்பதை மனத்தில் கொண்டால், 10 விநாடிகளில் 720 மீ செல்ல இயலாது என்பது கணிக்காமலேயே புலப்படும்.

## வளைகோட்டு வரைபடங்கள்

முடுக்கம் தொடர்ந்து மாறினால் கோடு வளைவாக அமையும். அப்போது ஒரு கணத்தின் முடுக்கம் அப்புள்ளியில் வரையப்படும் தொடுகோட்டின் சாய்வு ஆகும். எடுத்துக்காட்டாக, ஒரு பொருளின் திசைவேகம் 0, 2, 4, 6, 8 ஆகிய விநாடிகளில் முறையே 0, 7, 12, 15, 16 மீ/வி எனக் கொள்க. இப்புள்ளிகளை இணைக்கும் வளைகோடு ஏறிக்கொண்டே செல்கிறது, ஆனால் ஏற்றம் படிப்படியாகக் குறைகிறது.

4ஆம் விநாடியின் முடுக்கத்தைத் தொடுகோட்டால் கண்டவர், விடையை இரு நாண்களைக் கொண்டு சரிபார்க்கலாம். 0 முதல் 4 வரையிலான நாணின் சாய்வு 3 மீ/வி². 4 முதல் 8 வரையிலான நாணின் சாய்வு 1 மீ/வி². ஏற்றம் குறைந்துகொண்டே செல்வதால் தொடுகோட்டின் சாய்வு இவ்விரண்டின் இடையே இருக்கவேண்டும். 2 முதல் 6 வரையிலான நாணின் சாய்வு (15 − 7) ÷ 4 = 2 மீ/வி² என்பது நல்ல மதிப்பீடாகும். 12 ÷ 4 = 3 என்று விடையளித்தவர் கண்டது முதல் 4 விநாடிகளின் சராசரி முடுக்கமே; 4ஆம் விநாடியின் முடுக்கம் அன்று.

பரப்பளவுக்கும் இவ்வாறே எல்லைகள் காணலாம். ஒவ்வொரு 2 விநாடித் துண்டிலும் சிறிய திசைவேகத்தை எடுத்தால் 2 × (0 + 7 + 12 + 15) = 68 மீ. பெரிய திசைவேகத்தை எடுத்தால் 2 × (7 + 12 + 15 + 16) = 100 மீ. துண்டுகளைச் சரிவகங்களாகக் கொண்டால் இவ்விரண்டின் சராசரியாகிய 84 மீ கிடைக்கும். இவ்வளைகோடு மேற்புறமாகப் புடைத்திருப்பதால், புள்ளிகளை இணைக்கும் நேர்கோடுகள் யாவும் அதற்குக் கீழேயே அமையும். எனவே உண்மையான இடப்பெயர்ச்சி 84 மீட்டரைவிடச் சற்று மிகுதியாகவே இருக்கும். இம்மதிப்புகள் v = 4t − t²/4 என்ற சமன்பாட்டுக்குப் பொருந்துகின்றன. அதன்படி இடப்பெயர்ச்சி ஏறத்தாழ 85.3 மீ ஆகும். கட்டங்களை எண்ணி 80 மீ என்ற விடை பெற்றவர், அது 68க்கும் 100க்கும் இடையே உள்ளது என்பதால் மட்டும் நிறைவடையக் கூடாது. சரிவக மதிப்புக்குக் கீழே வந்திருப்பதால் சில கட்டங்கள் எண்ணாமல் விடப்பட்டுள்ளன என்று கொள்ளவேண்டும்.

## வரம்புகள்

இங்கு கூறிய சோதனைகள் வரைபடம் சரியாக உள்ளது என்ற அடிப்படையில் அமைந்தவை. வரைபடத்திலேயே பிழை இருந்தால் எல்லாச் சோதனைகளும் ஒத்துப்போனாலும் விடை தவறாகவே இருக்கும். சில பிழைகள் வடிவத்திலேயே தெரியும். ஒரே நேரத்துக்கு இரு திசைவேகங்கள் காட்டும் வரைபடம் எந்த இயக்கத்தையும் குறிக்காது. செங்குத்தாக எழும் கோடு முடிவிலி முடுக்கத்தைக் குறிப்பதால், அதுவும் உண்மை இயக்கத்தில் நிகழாது. நேர்கோடுகள் கூர்மையாகச் சந்திக்கும் முனைகளில் சாய்வு வரையறுக்கப்படுவதில்லை. மேற்கண்ட தள்ளுவண்டியின் முடுக்கம் சரியாக 4ஆம் விநாடியில் என்ன என்ற வினாவுக்கு ஒரே விடை இல்லை. அதற்கு முன் 2 மீ/வி², அதற்குப் பின் சுழி என்று மட்டுமே கூறமுடியும். உண்மையான வண்டியில் அம்முனை ஒரு குறுகிய வளைவாக இருக்கும். அவ்வளைவு பரப்பளவில் ஏற்படுத்தும் மாற்றம் சிறிது என்பதால், கணக்கின் பொருட்டு அது புறக்கணிக்கப்படுகிறது.

## இவற்றையும் பார்க்க

- இடப்பெயர்ச்சி
- முடுக்கம்
- இயக்கச் சமன்பாடுகள்
- சரிவகம்
- தொகையிடல்